தோள்களால் அறியப்பட்டவர்

கார்ட்டூன் வரைபவர்களிடம் பழைய சோதனை ஒன்று உண்டு. கதாபாத்திரத்தின் கண், மூக்கு, உடையின் நிறம், மடிப்பு என்று கோட்டுக்கு உள்ளே இருக்கும் அத்தனையையும் கறுப்பு மையால் நிரப்பிவிடுவார்கள். படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, கை நீளும் தூரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போதும் அது யார் என்று தெரிந்தால் வடிவம் தேறிவிட்டது. தெரியவில்லை என்றால் திரும்ப வரைய வேண்டும். ஓடும் படத்திலும் வீடியோ கேமிலும் பார்ப்பவரின் கண் முதலில் பிடிப்பது வெளிக்கோட்டைத்தான். முகம் அதற்குப் பிறகுதான் வரும். திரையில் ஓர் அங்குல உயரத்தில் ஓடும் உருவத்துக்கு முகமே இருக்காது.

இந்தச் சோதனையைப் பெண் பாத்திரங்களுக்குச் செய்யும்போது நான் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன். கறுப்பாக்கிய பிறகு இது யார் என்று கேட்பதோடு, இவர் என்ன வேலை செய்கிறவர் என்றும் கேட்கிறேன். ஆண் பாத்திரங்களின் நிழலுரு பெரும்பாலும் இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறது. பெண் பாத்திரங்களின் நிழலுருவோ பல நேரங்களில் நான் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்றுக்குத்தான் பதில் சொல்கிறது: இது பெண்.

இதற்கு மிகச் சுருக்கமான எடுத்துக்காட்டு பேக்-மேன். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துக்காக டோரு இவாதானி உருவாக்கிய கேம் அது. ஒரு துண்டு எடுத்த பிட்சா போல வாய் திறந்த மஞ்சள் வட்டம்தான் அதன் நாயகன். கண்கூடக் கிடையாது. சுட்டுத் தள்ளும் கேம்களால் ஆண்கள் கூடாரமாகிப்போன ஆர்கேடுகளுக்குப் பெண்களும் வர வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்ததாக இவாதானி சொல்லியிருக்கிறார். 1982இல் அமெரிக்காவில் அதன் பெண் வடிவம் மிஸ் பேக்-மேன் வந்தது. அதே வட்டம், அதே வாய். கூடுதலாகத் தலையில் சிவப்பு ரிப்பன், உதட்டில் சாயம், கன்னத்தில் மச்சம்.

இந்த இரண்டையும் கறுப்பாக்கிப் பாருங்கள். சாயமும் மச்சமும் மறைந்துவிடும். வட்டத்தின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் ரிப்பன் மட்டும் மிஞ்சும். வட்டம் என்றால் பேக்-மேன். வட்டத்தோடு ரிப்பன் என்றால் அவர் பெண்சாதி. அதாவது வெறும் வட்டம் ஆண். யாரும் அதற்கு மீசை வைக்கவில்லை, தொப்பி வைக்கவில்லை. ஒன்றுமே வைக்காமல் விட்டதாலேயே அது ஆணாகிவிட்டது. பெண் என்று காட்டத்தான் எதையாவது ஒட்ட வேண்டியிருக்கிறது. மிக்கிக்கும் மின்னிக்கும் நடுவே இருப்பதும் இதே கணக்குதான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். “பதினாறுக்குப் பதினாறு பிக்சல் பெட்டிக்குள்ளே வேறு என்னதான் செய்ய முடியும்? இடம் இல்லாததால் ரிப்பன் வைத்தார்கள்.” நியாயமாகத் தோன்றும் பதில்தான். வரைபவரின் கையைக் கட்டியது தொழில்நுட்பம், ஆணாதிக்கம் அல்ல என்கிறது அது. இந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்க எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆதாரம், அதே அளவு நெருக்கடியில் பிறந்த இன்னொரு பெண் பாத்திரம்: நின்டெண்டோவின் ‘மெட்ராய்ட்’ கேமில் வரும் சாமஸ் ஆரன்.

மெட்ராய்ட் 1986இல் ஜப்பானில் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போனது. வேற்றுக்கிரகம் ஒன்றின் சுரங்கங்களுக்குள் தனியாக இறங்கி வேட்டையாடும் ஒருவரின் கதை. தலைமுதல் கால்வரை மூடிய உலோகக் கவசம், வலது முன்கை இருக்க வேண்டிய இடத்தில் பீரங்கிக் குழல். இந்த உருவத்தை வரைந்தவர் ஹிரோஜி கியோடாகே. உள்ளே இருப்பவர் பெண்ணாக இருந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனை, வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது குழுவில் ஒருவர் சொல்லி வந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

என் வாதத்துக்கு இந்த வரிசை முக்கியம். கவசம் முதலில் வந்தது, பெண் பிறகு வந்தார். அந்தக் கவசத்தை வரைந்த நேரத்தில் இதைப் பெண்ணென்று எப்படிக் காட்டுவது என்ற கேள்வியே வரைந்தவர் முன் இல்லை. சுரங்கத்தில் இறங்கிச் சுடுபவருக்கு என்ன வடிவம் வேண்டும் என்ற ஒரே கேள்விதான் இருந்தது.

அதை விளையாடியவர்களும் ஆண் என்றே நினைத்தார்கள். அமெரிக்காவில் கேமோடு வந்த கையேடு சாமஸை ‘அவன்’ என்றே எழுதியது. கடைசித் திரையில் வரப்போகும் அதிர்ச்சியைக் காப்பாற்ற அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அது இவ்வளவு சுலபமாக எடுபட்டதற்குக் காரணம், வட்டத்தை ஆணாக்கிய அதே பழக்கம்தான். ரிப்பன் இல்லையா? அப்படியானால் ஆண். தமிழில் இதை எழுதும்போது எனக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘அவர் வந்தார்’ என்று எழுதினால் கவசத்தைக் கழற்றாமலேயே வாக்கியத்தை முடித்துவிடலாம். மரியாதைக்காக வந்த விகுதி மறைப்புக்கும் உதவுகிறது. ஆனால் ‘அவர்’ என்று படிக்கும்போது நம் மனதுக்குள் தோன்றும் உருவம் யாருடையது என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டால், நம் நிலைமையும் அந்தக் கையேட்டிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

இப்போது நெருக்கடிக்கு வருவோம். முதல் கேமில் சாமஸ் நடுவழியில் வேரியா என்ற வலுவான கவசத்தைப் பெறுவார். அதை அணிந்ததும் மஞ்சளாக இருந்த உருவம் இளஞ்சிவப்பாக மாறும். உருவத்தின் கோடு மாறாது, நிறம் மட்டும் மாறும். வண்ணத் தொலைக்காட்சியில் அது போதுமானதாக இருந்தது. 1991இல் இரண்டாம் கேமைக் கையடக்கக் கருவியான கேம் பாய்க்காகச் செய்தார்கள். அதன் திரை 160க்கு 144 பிக்சல். வண்ணம் கிடையாது, பச்சை கலந்த நான்கு சாயல்கள் மட்டுமே. இளஞ்சிவப்பும் மஞ்சளும் அங்கே ஒன்றுதான். வேரியா கவசம் கிடைத்துவிட்டது என்பதை விளையாடுபவருக்கு எப்படிக் காட்டுவது?

நிறத்தால் சொல்ல முடியாததை வெளிக்கோட்டால் சொன்னார்கள். கவசத்தின் தோள்களை ஊதிப் பெரிதாக்கி, தலையளவுக்கு இரண்டு உருண்டைகளாக்கினார்கள். ஏவுகணையைத் தேர்ந்தெடுத்தால் பீரங்கிக் குழலின் வாய் திறந்துகொள்ளும்படி செய்ததும் இதே கேமில்தான். அதற்கு முன் அதையும் நிறம்தான் காட்டியது. அந்த மங்கலான சின்னத் திரையில், ஓடும் பேருந்தில் விளையாடினாலும் எந்தக் கவசம், எந்த ஆயுதம் என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மூன்று வருடம் கழித்து, 1994இல், சூப்பர் மெட்ராய்ட் மறுபடியும் வண்ணத்துக்கு வந்தது. இப்போது தோள்களுக்குத் தேவை இல்லை, நிறத்தை மாற்றினாலே போதும். ஆனாலும் தோள்கள் போகவில்லை. இன்று வரை போகவில்லை. ஒரு திரையின் போதாமையைச் சமாளிக்கச் செய்த தந்திரம், அந்தப் பாத்திரத்தின் கையெழுத்தாகவே ஆகிவிட்டது. சாமஸை வரையத் தெரியாத குழந்தைகூட இரண்டு பெரிய வட்டமும் அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன வட்டமும் ஒரு பக்கம் குழலும் போட்டால், கேம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரிப்பனும் தோளும் ஒரே வகை நெருக்கடியிலிருந்து வந்தவை. இரண்டு இடத்திலும் பிக்சல் குறைவு. இரண்டு இடத்திலும் பழைய உருவத்திலிருந்து புதியதைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஓரிடத்தில் பிரித்துக் காட்ட எடுத்த விஷயம் ‘பெண்’. இன்னோரிடத்தில் ‘இப்போது கவசம் வலுத்துவிட்டது’. எத்தனை குறியீடுகளுக்கு இடம் இருக்கிறது என்பதைத்தான் தொழில்நுட்பம் தீர்மானிக்கிறது. அந்தக் குறியீடு எதைச் சொல்ல வேண்டும் என்பதை வரைபவர் தீர்மானிக்கிறார். இடமில்லாததால் ரிப்பன் வைத்தார்கள் என்பது பாதி உண்மை. இருந்த ஒரே இடத்தை ரிப்பனுக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் முழு உண்மை.

இன்னொரு சின்ன விஷயத்தையும் கவனியுங்கள். குறுகலான வழி வந்தால் சாமஸ் தன்னைச் சுருட்டிப் பந்தாகி உருண்டு போவார். அந்த நேரத்தில் திரையில் இருப்பது வெறும் வட்டம். பேக்-மேனைப் போல, ரிப்பன் இல்லாத வட்டம். அதுவும் பெண்தான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். அந்தக் கடைசித் திரைக்கு வர வேண்டும்.

மெட்ராய்டின் முடிவு, நீங்கள் எவ்வளவு வேகமாக முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். மெதுவாக முடித்தால் சாமஸ் கவசத்தோடு நிற்பார். ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தால் தலைக்கவசம் இல்லாமல் நீண்ட கூந்தலோடு நிற்பார். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் கவசம் முழுவதும் போய் உடலோடு ஒட்டிய உடை. ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் பிகினி. திறமை கூடக் கூட ஆடை குறைகிறது. அடுத்து வந்த கேம்களும் வேகத்துக்கு இதே மாதிரிப் பரிசைத் தொடர்ந்து கொடுத்தன.

அதிர்ச்சிக்கு முதல் படியே போதும். தலைக்கவசம் கழன்ற நொடியில் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது: இத்தனை நேரம் நீ ஓட்டியது ஒரு பெண்ணை. அதற்கு மேல் கழற்றுவதில் புதிய செய்தி எதுவும் இல்லை. கழற்றப்படுவது அவருடைய வடிவம். தோளும் குழலும் போனால், அத்தனை மணி நேரம் நாம் பார்த்து அடையாளம் கண்ட அந்த ஆள் திரையில் இல்லை. அந்த இடத்தில் ஏதோ ஒரு பெண் நிற்கிறார். அந்தப் பரிசு சாமஸுக்குக் கிடைப்பது அல்ல. சாமஸே பரிசாகிவிடுகிறார்.

2004இல் வந்த ‘ஜீரோ மிஷன்’ இந்தக் கடைசித் திரையைக் கேமுக்கு உள்ளேயே கொண்டுவந்தது. கதையின் பிற்பகுதியில் சாமஸ் கவசத்தை இழந்து, ‘ஜீரோ சூட்’ எனப்படும் நீல நிற ஒட்டுடையில் எதிரிகளின் கப்பலுக்குள் மாட்டிக்கொள்கிறார். கையில் எதிரியைச் சற்று நேரம் உறையவைக்கும் துப்பாக்கி மட்டும். மற்றபடி ஓடி ஒளிய வேண்டும். பிறகு கவசம் திரும்பக் கிடைக்கிறது. பலவீனமாக இருக்கும் நேரத்தில்தான் அவர் வெளிப்படையாகப் பெண்ணாக இருக்கிறார். 2008இல் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்’ சண்டை கேமில் இந்த ஒட்டுடை உருவம் விளையாடத் தகுந்த பாத்திரமானது. 2014இல் வந்த அடுத்த கேமில் அந்த உடைக்கு ஹை-ஹீல்ஸும் வந்தது. குதிகாலில் ராக்கெட் இருக்கிறது என்று ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது. ரிப்பனுக்கு இல்லாத நியாயம் ஹீல்ஸுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

இந்த இரண்டு உருவங்களையும் சோதனைக்கு வைத்தேன். என் அக்கா மகளுக்குப் பதினோரு வயது. இந்தக் கேம்களில் எதையும் பார்த்ததில்லை. ஆறு உருவங்களைக் கறுப்பாக்கி, நகம் அளவுக்குச் சுருக்கி, ஒரே தாளில் அச்சிட்டேன். கவசம் அணிந்த சாமஸ், ஒட்டுடை சாமஸ், வேறு கேம்களிலிருந்து நான்கு பெண் வீரர்கள். எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே எடுத்தேன். ஆயுதம் வைத்திருப்பவர்கள் அதோடேயே இருந்தார்கள். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும் என்று கேட்டேன்.

கவசத்தைப் பார்த்ததும், “இது ரோபோவா சித்தி? கையே பீரங்கியா இருக்கு. தோள்ல குண்டு வெச்சிருக்கா?” என்றாள். ஒரே பார்வையில் மூன்று ஊகம், மூன்றும் வேலையைப் பற்றியவை. ஒட்டுடை சாமஸைக் காட்டியதும், “இது அக்கா. குதிரைவால் போட்டிருக்காங்க” என்றாள். வேறென்ன என்றேன். “ஒல்லியா இருக்காங்க.” மற்ற நால்வரில் மூவருக்கும் பதில் கிட்டத்தட்ட இதேதான், கூந்தலும் இடுப்பும் மட்டும்தான் மாறின.

அரை மணி நேரம் கழித்து இன்னொரு தாளில் இருபது உருவங்களைக் காட்டி, முன்பு பார்த்தவற்றைத் தேடச் சொன்னேன். கவசத்தின் மேல் விரல் உடனே போய்விட்டது. ஒட்டுடை சாமஸுக்கு அவள் காட்டியது வேறொரு குதிரைவாலை. ஒரு குழந்தையிடம் செய்த சோதனை எதையும் நிரூபிக்காது. ஆனால் எங்கே தவறு நடக்கிறது என்பதைக் காட்ட அது போதும். ஒரு நிழலுரு தோற்கிறதா என்று அறிய இதைவிட எளிய வழியும் இல்லை: பார்ப்பவர் வினைச்சொல்லில் பதில் சொல்கிறாரா, பெயரடையில் பதில் சொல்கிறாரா என்று கவனித்தால் போதும். “சுடும்”, “உருளும்” என்றால் வடிவம் வேலை செய்கிறது. “ஒல்லி”, “அழகு” என்றால் வடிவம் உடலோடு நின்றுவிட்டது.

இந்த இடத்தில் எனக்கே ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சாமஸின் கவசத்தை நான் கொண்டாடினால், ஒரு பெண் தன் உடலை உலோகத்தால் முழுக்க மூடிக்கொண்டால்தான் ஆளாக மதிக்கப்படுவாள் என்று சொல்வதாக ஆகாதா? ‘மூடிக்கொள்’ என்று காலம் காலமாக நமக்குச் சொல்லப்பட்டதைத்தானே வேறு மொழியில் சொல்கிறேன்?

அப்படி இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் ஆலிவ் ஆயில். பாப்பாய் படக்கதையில் வரும் அந்த ஒடிசலான பெண்தான். பாப்பாயின் காதலி என்றே அவரை நமக்குத் தெரியும். ஆனால் இ.சி. சீகரின் ‘திம்பிள் தியேட்டர்’ படக்கதையில் அவர் தோன்றியது 1919இல். பாப்பாய் வந்தது பத்து வருடம் கழித்து 1929இல். குச்சி உடம்பு, கழுத்துக்குப் பின்னால் இறுக்கிய கொண்டை, படகு மாதிரிக் காலணி. கறுப்பாக்கினால் உலகத்தில் வேறு யாருடனும் குழப்பிக்கொள்ள முடியாது. எந்தக் கவசமும் இல்லை, உடலே வடிவம். அந்த உடல் யாரையும் மயக்குவதற்காக வரையப்படவில்லை. தடுக்கி விழுவதற்கும், கோபத்தில் முடிச்சு போட்டுக்கொள்வதற்கும் வரையப்பட்டது. ஆக, சிக்கல் உடல் தெரிவதில் இல்லை. எல்லாப் பெண்ணுக்கும் ஒரே உடலை வரைந்துவிட்டு, அடையாளத்துக்குக் கூந்தலை மட்டும் மாற்றுவதில்தான் சிக்கல். ஒட்டுடை சாமஸ் தோற்பது ஆடை குறைந்ததால் அல்ல. உலோகத்துக்குள்ளே இத்தனை வருடம் பாரம் சுமந்து குதித்த ஒருவருக்கென்று தனியாக ஓர் உடலை யாரும் யோசிக்கவில்லை. கவசத்துக்குக் கொடுத்த யோசனையில் பாதியைக்கூட உள்ளே இருப்பவருக்குக் கொடுக்கவில்லை.

கழற்றாமல் பெண்ணைக் காட்ட முடியாதா என்றால், அதற்கும் இதே வரிசையில் பதில் இருக்கிறது. 2002இல் வந்த ‘மெட்ராய்ட் பிரைம்’ முழுவதும் சாமஸின் கண் வழியாக விளையாடப்படுவது. தலைக்கவசத்தின் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்க்கிறோம். பெரும்பாலான நேரம் அவர் உருவமே திரையில் இல்லை. அருகில் ஏதாவது பளிச்சென்று வெடித்தால் மட்டும், அந்த வெளிச்சத்தில் கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு முகம் ஒரு நொடி பிரதிபலிக்கும். ஒரு பெண்ணின் கண்கள், இமைக்கும், மறையும். அவர் யார் என்று தெரிய எந்தக் கடிகாரத்தையும் வெல்ல வேண்டியதில்லை. வேலையின் நடுவே, அபாயத்தின் நடுவே, தோளும் குழலும் அதனதன் இடத்தில் இருக்கும்போதே அது தெரிகிறது.

கேம்களில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பெண் நிழலுரு, அதைப் பெண் என்று நினைக்காத நேரத்தில் வரையப்பட்டது. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் என்று தெரிந்த பிறகும் அதே கேள்வியோடு, இவர் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வியோடு, பென்சிலைக் கையில் எடுப்பவர்கள் வேண்டும். அக்கா மகளிடம் கடைசியில் விஷயத்தைச் சொன்னேன்: அந்த ரோபோவும் குதிரைவால் அக்காவும் ஒரே ஆள். தாளை வாங்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ இதுல எப்படி சித்தி உருளுவாங்க?” என்று ஹை-ஹீல்ஸின் மேல் விரலை வைத்தாள்.